அண்ணி படித்த ஸ்டேட்மெண்ட்

"கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறது வேற, இது வேற கண்ணு. இதெல்லாம் உனக்குப் புடிபடுமா?"

அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கையில் இருந்த பேங்க் தாள்களை நான் வாங்க நீட்டிய கையைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற அண்ணியிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார். "அம்மணி, நீதான் பைனான்ஸ் கம்பெனில இருந்தவ. இத சித்த பாத்துச் சொல்லு."

அம்மணி என்று அப்பா என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அண்ணிக்குப் போய்விட்டது. எனக்குக் கண்ணு மிஞ்சியது.

எங்கள் வீட்டில் காலேஜ் வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அண்ணன் எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தறிக்கு வந்துவிட்டான். நான் சோமனூரிலிருந்து கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் பி.காம். முடித்தேன். இப்போது சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்கே என் வேலை என்ன தெரியுமா? மாதாமாதம் மில்லின் பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து, ஒவ்வொரு வரியையும் எங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரி எது, அது என்ன குறியீடு, யார் பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்று கண்டுபிடித்து எழுதுவது. முகம் தெரியாத முதலாளிக்கு இதைச் செய்கிறேன். அப்பாவுக்கு அது கம்ப்யூட்டர் வேலை. நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. கேட்காமல் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை.

விஷயம் இதுதான். அப்பா வைத்திருப்பது சாதா விசைத்தறிகள். ஜவுளிக்காரர் பாவும் ஊடையுமாக நூல் கொடுப்பார், நாங்கள் துணியாக்கிக் கூலி வாங்குவோம். இரண்டு தறியையாவது வேகமாக ஓடும் நாடா இல்லாத் தறியாக மாற்ற வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்குக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போனார். மேனேஜர் ஆறு மாத ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத்தன ரிட்டர்ன் ஏனுங்க? இத்தன சார்ஜ் ஏனுங்க? இத வெச்சுட்டு நான் மேல அனுப்ப முடியாதுங்க. திங்கக்கெழம வந்து வெவரம் சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்" என்று தாளையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். விவரம் சொல்ல முடிந்தால் விண்ணப்பம் நகரும். இல்லையென்றால் பழைய தறிகளோடு கிடக்க வேண்டியதுதான்.

அண்ணி தாள்களை வாங்கிக்கொண்டு தறிக்குடோன் வாசலில் இருந்த பாவு உருளைமேல் உட்கார்ந்தார். தாராபுரத்துப் பக்கத்துப் பெண். எங்களைப் போல் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவர் இல்லை, மெதுவாகத்தான் பேசுவார். நாங்கள் வீட்டுக்குள்ளே உப்புக் கேட்பதையும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கேட்போம். அண்ணி பேச ஆரம்பித்தால் கேட்காது. அதனால் அப்பா உள்ளே போய்த் தறியை நிறுத்தினார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் காதருகில் போய் மார்க்கைக் கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அறுந்த இழையை முடிந்தார். எனக்காகத் தறி நின்றதில்லை.

நான் சமையலறை ஜன்னல் ஓரம் நின்று அவரைக்காயை நறுக்கினேன். அங்கிருந்தால் வாசல் பேச்சுக் கேட்கும்.

"இது எஸ்எம்எஸ் சார்ஜுங்க மாமா. உங்க போனுக்கு மெசேஜ் அனுப்பறாங்களே, அதுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா புடிப்பாங்க."

"அந்த மெசேஜ நான் படிக்கறதே இல்லையே."

"படிச்சாலும் படிக்காட்டியும் புடிப்பாங்க." அண்ணி சிரித்தார். "இது ஏடிஎம் கார்டுக்கு வருசக் கட்டணமுங்க."

"எங்கிட்ட ஏது கார்டு?"

அம்மா உள்ளிருந்து, "பீரோவுல ஒரு கவர் கெடக்குதே, பேங்க்காரங்க அனுப்புனது. இன்னம் பிரிக்கவே இல்லையே" என்று குரல் கொடுத்தார்.

"அதேதானுங்க அத்த. பிரிக்காத கார்டுக்கும் காசு. வேண்டாம்னா எழுதிக் குடுத்து நிறுத்தோணும்."

சரியாகத்தான் சொன்னார். ஒரு வார்த்தையாவது தப்பாகச் சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன். அவரைக்காயின் நாரை எடுக்காமலே நறுக்கிப்போட்டேன்.

பிறகு பெரிய விஷயத்துக்கு வந்தார்கள். ஏசிஎச் என்று தொடங்கி, பாதியில் வெட்டப்பட்ட ஒரு கம்பெனிப் பெயரும் நீளமான ஒரு எண்ணுமாக ஒரு வரி. அப்பா அதை விரலால் குத்தினார். "இதப் பாரு. யாரக் கேட்டு எடுத்தாங்க? பேங்க்காரன் தானா வெட்டிக்கறான்."

"பேங்க் எடுத்தது இல்லைங்க மாமா. நீங்க எடுத்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. நான் இருந்த பைனான்ஸ்ல இந்த லிஸ்ட்டத்தான் தெனமும் பாப்பேன். இன்ன தேதிக்கு இன்ன கணக்குல இருந்து எடுன்னு நாங்க அனுப்புவோம். பணம் இருந்தா வரும், இல்லீனா திரும்பிரும். திரும்புனா பேங்க் அதுக்கொரு சார்ஜ் போடும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. இந்தா, ஆர்டிஎன் சார்ஜுன்னு இருக்குதுங்க பாருங்க. இது லைப் இன்சூரன்ஸ் கம்பெனி பேரு மாதிரித் தெரியுது. பத்தாந் தேதிக்கு வந்திருக்குது."

அப்பா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஏஜெண்டு ஒரு பாரத்துல கையெழுத்து வாங்கினான். ஆனா அவந்தான் நேர்ல வந்து கையில வாங்கிட்டுப் போறானே."

"பேங்க்ல திரும்பறதால வந்து வாங்கறாருங்க."

அந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் பிரீமியம் பேங்க் வழியாகப் போயிருந்தது. மற்ற மாதமெல்லாம் திரும்பி, சார்ஜ் விழுந்து, பிறகு ஏஜெண்டு வந்து ரொக்கமாக வாங்கியிருக்கிறார். அப்படிப் பேங்க் வழியாகப் போன ஒரு முறையையும் அப்பா பேங்க் வெட்டியதாக நினைத்து ஏஜெண்டுக்கும் கொடுத்திருக்கிறார்.

"என் கண்ணே தொறந்துது அம்மணி" என்றார் அப்பா.

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

கடைசியில் அண்ணி ஒரு வரியில் நின்றார். "இது ஏஎம்பி சார்ஜுன்னு போட்டிருக்குது. மாசாமாசம் வருது. இது எனக்குத் தெரியலைங்க மாமா."

அதை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார். தெரியலைங்க. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. வந்தால் படிக்க வைத்தது வீண் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். அண்ணிக்கு அப்படி ஒன்றும் இல்லை. தெரியாது என்று சொன்ன பிறகும் அப்பா அவரை இன்னும் மதிப்பாகத்தான் பார்த்தார்.

எனக்குத் தெரியும். ஏஎம்பி என்றால் மாதச் சராசரி இருப்பு, அது குறைந்தால் பிடிக்கும் அபராதம்தான் அந்த வரி. நான் ஜன்னலிலிருந்து ஒரு வரி கத்தியிருக்கலாம். என்னைக் கேட்கட்டும் என்று நின்றேன். கேட்கவில்லை. அப்பா தறியைப் போட்டார், சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மறுநாள் காலை தறிக்குடோன் அலமாரியில் இருந்த தாள்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மில் கணக்கில் கோடிகள் வரும், போகும், எனக்கு ஒன்றும் தோன்றாது. இது எங்கள் வீட்டு வாரங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜவுளிக்காரரிடமிருந்து நெஃப்ட்டில் கூலி ஏறியிருந்தது. அதே வெள்ளிக்கிழமை, செக் போட்டு அப்பா அதை அப்படியே எடுத்திருந்தார். சனிக்கிழமை ஆள்கூலி கொடுக்க வேண்டும், அது சரி. ஆனால் ஆள்கூலிக்கு வேண்டியதை மட்டும் எடுக்கவில்லை, வழித்துத் துடைத்து எடுத்திருந்தார். பேங்கில் விட்டு வைத்தால் எதையாவது சொல்லி வெட்டிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இதே எண்ணம்தான். வெள்ளிக்கிழமை மதியம் கவுண்ட்டரில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாதக் கடைசி நாள் அப்பா பத்தாயிரம் ரூபாய் கட்டியிருந்தார். மறுநாள் எடுத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், நடப்புக் கணக்கில் மாதம் பத்தாயிரம் இருக்க வேண்டும் என்று. அப்பா அதை வாடகை மாதிரிப் புரிந்துகொண்டு, மாதத்துக்கு ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

பஸ்ஸிலேயே சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும். அண்ணிக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் என் முகம் பிடிபட்டுவிட்டது. "உனக்கு ஏதோ தெரியுது. தெரிஞ்சா சொல்லிப்போட்டுப் போகோணும். வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார்.

"கேட்டாச் சொல்றேன்."

"மகாராணி. உங்கய்யன் வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கேக்கோணுமாக்கும்."

திங்கட்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டி, அண்ணியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் பேங்குக்குப் போனார். அண்ணி கல்யாணத்துக்கு வாங்கிய கைப்பையில் அந்தத் தாள்களை வைத்திருந்தார். நான் மில் பஸ்ஸுக்காக முக்கில் நின்றேன். என்னைக் கடக்கும்போது அண்ணி கையசைத்தார். நான் போனைப் பார்ப்பது போல நின்றேன். மேனேஜர் முன்னால் அப்பா பக்கத்து நாற்காலி என்னுடையது. அதற்காகத்தானே படித்தேன் என்றுகூட அப்போது தோன்றியது.

மில்லில் நாற்காலியில் உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. பதினொரு மணி வாக்கில் அண்ணியின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏனுங்க, வேலையா இருக்கறீங்களா? மேனேஜர் ரூம்ல இருக்கறோம். ஏசிஎச் வெவரமெல்லாம் சொல்லிட்டேன். அந்த ஏஎம்பி கேக்கறாருங்க. உங்களக் கேட்டாத் தெரியும்னு மாமாகிட்டச் சொன்னேன். ஸ்பீக்கர்ல போடட்டுங்களா?"

உங்களைக் கேட்டால் தெரியும் என்று அண்ணி சொல்லியிருக்கிறார், அப்பா இல்லை. எனக்குத் தர வேண்டிய இடத்தையும் அவரே எடுத்துத் தருகிறார். அது இன்னும் எரிந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அப்பா முந்தின நாளே சலவைக்குப் போட்டு வாங்கிய வேட்டி நினைவுக்கு வந்தது.

"போடுங்கண்ணி" என்றேன்.

மேனேஜரின் குரல் கேட்டது. "சொல்லுங்கம்மா. வாராவாரம் இவ்வளவு வரவு இருக்குது. அப்பறம் ஏன் மாசாமாசம் சராசரி இருப்புக் கொறையுது?"

"வரவு வெள்ளிக்கிழமை காலைல ஏறுதுங்க சார். மத்தியானமே எடுத்தறாங்க. சராசரிக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது என்ன மிஞ்சுதோ அதத்தானே கூட்டி நாளால வகுப்பீங்க. நாள் முடியும்போது எங்க கணக்குல ஒண்ணும் இருக்கறதில்லைங்க."

"மாசக் கடைசில பத்தாயிரம் இருக்குதே?"

"அது ஒரு நாளைக்கு மட்டுங்க சார். முப்பது நாளுக்கு வகுத்தா முந்நூத்திச் சில்லறதான் வரும். மாசம் முச்சூடும் பத்தாயிரம் கெடக்கோணும்னு அப்பாவுக்கு யாரும் சொல்லலைங்க."

அந்தப் பக்கம் அப்பா இருமுவது கேட்டது.

"பிரீமியம் திரும்பறதும் இதே காரணந்தாங்க" என்றேன். நிறுத்த முடியவில்லை. "பத்தாந் தேதி என்னைக்கு வந்தாலும் கணக்குக் காலிதான். ஒரு மாசம் மட்டும் போயிருக்குது பாருங்க. அன்னைக்கு ரெண்டாம் சனிக்கெழம, பேங்க் லீவு. மொத நாள் கூலி சாயங்காலம் லேட்டா ஏறியிருக்குது, பேங்க் பூட்டியாச்சு, அப்பா கார்டயும் பிரிக்கவே இல்ல, எடுக்க முடியல. அதனாலதான் அந்த மாசம் தப்பிச்சுது. பணம் இல்லாம திரும்பலைங்க சார். வர்ற பணத்த ஒரு ராத்திரி கூட அங்க விடாததால திரும்புது."

அப்பாவின் குரல் முதல் முறையாகக் குறுக்கே வந்தது. "வெச்சா வெட்டிக்கறாங்களே கண்ணு. கூலி ஏறுன அடுத்த நிமிசம் ஒரு துண்டு போயிருது. அதையும் நீ பாத்தயா?"

"பாத்தனுங்கப்பா. பத்தாந் தேதி விழுந்த சார்ஜ எடுக்க அன்னைக்குக் கணக்குல பணமில்ல. அதனால பாக்கி நின்னு, எப்பக் கூலி ஏறுதோ அப்ப எடுத்துக்குது. வரியிலயே அந்தத் தேதி போட்டிருக்குது பாருங்க. நீங்க வெச்சதால வெட்டலைங்க. வெக்காததாலதான் வெட்டறாங்க."

 அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர், "உங்க பொண்ணு எங்க வேல பாக்கறாங்க?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தயங்கினார். "மில்லுல... கம்ப்யூட்டர்ல..."

"மில்லு பேங்க் கணக்கெல்லாம் அவங்கதாங்க சார் சரிபாக்கறாங்க" என்றார் அண்ணி.

அதை நான் அண்ணியிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் துணி மடிக்கும்போது கேட்டார், சொன்னேன். எங்கள் வீட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மேனேஜர் சொன்னது இவ்வளவுதான். காரணத்தை எழுதி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கணக்கில் பத்தாயிரமும் அதற்கு மேல் பிரீமியத் தொகையும் எப்போதும் தொடாமல் கிடக்க வேண்டும். அடுத்த மூன்று மாத ஸ்டேட்மெண்டில் ஒரு ரிட்டர்னும் இருக்கக் கூடாது. இருந்தால் விண்ணப்பம் போகாது, இல்லையென்றால் அவரே மேலே அனுப்புவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா தறிக்குடோனில் இருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். தறி நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெனமும் இதான் உன் வேலையா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"சொல்லவே இல்ல."

"கேக்கவே இல்லைங்க."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி கண்ணு" என்றார். அம்மணி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சொல்லவில்லை. தறியைப் போட்டுவிட்டார்.

அண்ணி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நானும் போய் ஒரு குண்டாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேங்க்ஸ் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொன்னது வேறு. "ஏன் அண்ணி என்னக் கூப்புட்டீங்க? நீங்களே சமாளிச்சிருக்கலாமே."

"தெரியாதத எப்படிங்க சமாளிக்கறது?" என்றார். பிறகு சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிராமலே சொன்னார். "நீங்க தெனமும் பஸ் ஏறிப் போறீங்க. நானும் போய்ட்டிருந்தவதான். இந்த ஊட்டுக்கு வந்து எனக்குக் கெடச்சது அந்த நாலு தாள்தானுங்க. அதையும் நீங்க ஜன்னல்ல நின்னு மொறச்சுட்டே இருந்தீங்க."

அவருக்கும் என்மேல் பொறாமை இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அது தெரிந்ததும் என் பொறாமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. நான் தினமும் மறைத்துக்கொண்டிருந்ததை அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார், அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

"அவரக்கா நாரோட கெடந்துது" என்றார் அண்ணி. "மாமா பல்லுல மாட்டித் தவிச்சாரு." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கூலியை முழுதாக எடுக்காமல் வந்தார். விட்டு வந்த பணத்தை நினைத்து ராத்திரி முழுதும் புரண்டார் என்று அம்மா சொன்னார். பீரோவில் இருந்த கவர் பிரிக்காமலே பேங்குக்குத் திரும்பப் போயிற்று. ஏஜெண்டு வந்தபோது அம்மா வாசலிலேயே, "இனி பேங்க்ல எடுத்துக்குங்க, கையில குடுக்கறதில்ல" என்று சொல்லி, மோர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மூன்று மாதம் அந்தக் கணக்கை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நேற்று அரை நாள் லீவு போட்டு, ஸ்டேட்மெண்டை இமெயிலில் அனுப்பச் சொல்லி அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கவுண்ட்டரில் கொடுத்தேன். இனி மாதம் முடிந்ததும் அது வந்துவிடும். விண்ணப்பத்தில் இமெயில் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் என்னுடையதை எழுதினேன். வரவேற்புச் செய்தியும் வந்துவிட்டது.

அண்ணி கேட்டால் காட்டுவேன். கேட்கட்டும்.